முகச்சாயல் மட்டும் சான்றாகுமா?

நியூயார்க் நகரில் ஜார்ஜ் கிரந்தம் பெயின் என்பவர் 1898இல் ஒரு செய்திப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். நாளிதழ்களுக்குப் படம் விற்பதே அதன் தொழில். கப்பலிலிருந்து இறங்கும் பிரமுகர், நீதிமன்றப் படியில் நிற்கும் சாட்சி, குத்துச்சண்டை வீரர், பாடகி, வேலைநிறுத்தக்காரர் என அன்றாடம் செய்தியில் அடிபட்ட எல்லோரையும் அந்நிறுவனத்தின் படக்காரர்கள் கண்ணாடித் தகடுகளில் பிடித்தனர். மாலைப் பதிப்புக்குள் படம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், தகட்டின் ஓரத்தில் யாரோ ஓர் ஊழியர் கையால் ஒரு குடும்பப் பெயரை எழுதிவைப்பார். பல தகடுகளில் அவ்வளவுதான் உண்டு. முதற்பெயர் இல்லை, தேதி இல்லை, இடம் இல்லை. அன்றைய வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது. படத்தின் அருகிலேயே செய்தியும் அச்சாகியிருந்ததே.

அந்தத் தகடுகளில் ஏறத்தாழ 40,000 இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. நூலகம் அவற்றை 1948இல் பெற்றது. அட்டவணைப் பதிவுகளில் ஒரு குறிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது: தலைப்பு, பெயின் நிறுவனம் தகட்டிலோ அட்டையிலோ தந்த, சரிபார்க்கப்படாத தகவலிலிருந்து எடுக்கப்பட்டது. நூலகத்தின் நேர்மை முழுவதும் அந்தச் 'சரிபார்க்கப்படாத' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. 2008 ஜனவரியில் இந்நூலகம் ஏறத்தாழ 3,000 படங்களைப் பிளிக்கர் தளத்தின் பொதுப்பகுதியில் வெளியிட்டது. பாதிக்குச் சற்றுக் குறைவானவை பெயின் தகடுகள். யாரென்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பதே அழைப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் நூலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, பொதுமக்கள் தந்த தகவலால் 500க்கும் மேற்பட்ட அட்டவணைப் பதிவுகள் திருத்தம் பெற்றிருந்தன. வரலாற்றுத் தகவலைத் தொடர்ந்து தந்தவர்கள் ஏறக்குறைய 20 பேர் கொண்ட சிறு குழுவினர்தாம். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு 'அழகு' என்று எழுதிச் சென்றனர். அதில் தவறொன்றும் இல்லை.

அந்தச் சிலர் என்ன செய்தார்கள் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதே அவர்களுடைய வேலை என்று எண்ணப்படுகிறது. உண்மையில் முகம் அவர்கள் வரிசையில் கடைசியில்தான் வருகிறது. ஒரு தகட்டில் 'மிஸ் வில்சன்' என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். கப்பல் தளம், பெரிய தொப்பி, கையில் ஒரு மலர்க்கொத்து. வில்சன் என்ற பெயர் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்டு. முதல் வேலை காலத்தைக் குறுக்குவது. தகட்டின் எண்ணைப் பார்ப்பார்கள். முன்னும் பின்னும் உள்ள எண்களில் தேதி தெரிந்த நிகழ்ச்சி ஒன்று, ஒரு தேர்தல் கூட்டமோ ஒரு தீ விபத்தோ, இருந்தால் இந்தப் படமும் அதை ஒட்டிய நாட்களில் எடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. எண் வரிசை எப்போதும் கால வரிசையாக அமைவதில்லை. ஆகையால் இது ஓர் ஊகத்தின் தொடக்கம் மட்டுமே. அடுத்து, அந்த வாரங்களின் நாளிதழ்களில் வில்சன் என்ற பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவார்கள். கப்பலில் வந்திறங்கிய பாடகி ஒருவர், மணமுறிவு வழக்கு ஒன்றில் வந்த பெண் ஒருவர், அதிபரின் மகள் ஒருவர் என மூவர் அகப்படலாம். மூவரில் யார் கப்பலில் வந்தார், எந்தக் கப்பல், படத்தில் தெரியும் மிதவை வளையத்தில் எழுதியிருக்கும் பெயர் அந்தக் கப்பலுடையதுதானா என்று பார்ப்பார்கள். இதே படமோ இதே நாளில் எடுத்த இன்னொரு படமோ ஒரு நாளிதழில் முழுப்பெயருடன் அச்சாகியிருப்பதைக் கண்டால்தான் பரிந்துரை உறுதி பெறும். அதன் பிறகே முகம். வேறொரு நல்ல படத்தோடு முகம் பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

நூலக ஊழியர்கள் அந்தப் பரிந்துரையை அப்படியே எடுத்து ஒட்டுவதில்லை. சொன்னவர் காட்டிய நாளிதழைத் தாங்களே எடுத்துப் பார்த்து, பின்னரே பதிவில் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது, படம் இன்னாரைக் காட்டுகிறது, இதற்கு ஆதாரம் பிளிக்கர் பொதுப்பகுதித் திட்டம், இன்ன ஆண்டு, இன்ன நாளிதழ், இன்ன தேதி என்று எழுதுகிறார்கள். தகட்டில் இருந்த பழைய எழுத்து, பிழையாக இருந்தாலும், தலைப்பில் அப்படியே இருக்கும். இந்த ஏற்பாடு எளிமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெயர் எப்போது, யாரால், எதை நம்பி வைக்கப்பட்டது என்ற வரலாற்றைப் பெயரோடு சேர்த்தே காக்கிற ஏற்பாடு இதுதான். இந்தியாவில் இணையத்தில் சுற்றும் பழைய படங்களுக்கு இல்லாததும் இதுவே.

ஏனெனில் சரிபார்ப்பில் நேரும் மிகப் பெரிய தவறு அறியாமையால் வருவதில்லை. வட்டமடித்து வருவதால் நேர்கிறது. ஒருவர் ஒரு படத்தின் கீழ் 'இவர் இன்னாராக இருக்கலாம்' என்று எழுதுகிறார். இன்னொருவர் அதைப் பொதுக் கோப்புத் தளம் ஒன்றில் ஏற்றும்போது 'இருக்கலாம்' என்பதை விட்டுவிடுகிறார். அங்கிருந்து ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரைக்குப் படம் போகிறது. கட்டுரையைப் பார்த்து ஒரு நாளிதழ் நினைவுநாள் கட்டுரையில் அதே படத்தைப் போடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு தன்னார்வலர் முதல் பரிந்துரையைச் சரிபார்க்க வருகிறார். நாளிதழ் ஒன்று, கலைக்களஞ்சியம் ஒன்று, கோப்புத் தளம் ஒன்று என மூன்று ஆதாரங்கள் கண்முன் நிற்கின்றன. மூன்றும் ஒரே 'இருக்கலாம்' ஈன்ற குட்டிகள் என்பது அவருக்குத் தெரியாது. ஆதாரங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட அவற்றின் பிறப்பைப் பார்ப்பதே சரிபார்ப்பு. பரிந்துரை எழுதப்பட்ட நாளுக்குப் பின் தோன்றிய எதுவும் அந்தப் பரிந்துரைக்குச் சாட்சியாக முடியாது என்ற ஒரே விதியை உறுதியாகப் பிடித்தால் இந்தப் பிழையில் பெரும்பகுதி விலகிவிடும். படம் எடுக்கப்பட்ட காலத்து அச்சு, அக்காலத்துக் கையெழுத்து, அக்காலத்துப் பதிவேடு ஆகியவற்றுக்குத் திரும்பிப் போவதே வழி.

முகச்சாயலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டையும் பிலிமையும் திருப்பிப் போட்டு அச்சிட்டால் வலம் இடமாகிவிடும். தலைவகிடு மாறும், கன்னத்து மச்சம் பக்கம் மாறும். ஒருவரை 'இவர் அல்லர், அவருக்கு மச்சம் இடப்பக்கம்' என்று தள்ளுவதற்கு முன்னால் படம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டில் எழுத்து இருந்தால் சிக்கல் இல்லை. எழுத்து நேராகப் படிக்கக் கிடைத்தால் படமும் நேர். எழுத்து இல்லாத இடத்தில் உடையே வழிகாட்டி. ஆண்களின் மேற்கோட்டில் இடப்பகுதி வலப்பகுதியின் மேல் வந்து மூடும். மார்புப் பை இடப்பக்கம் இருக்கும். படைவீரர்களின் பதக்கங்களும் பெரும்பாலும் இடமார்பில்தான். இவை எல்லாம் மாறியிருந்தால் மாறியது படமே. இதைக் கவனிக்காமல் சரியான பெயரைத் தள்ளியவர்களும் உண்டு, தவறான பெயரை ஏற்றவர்களும் உண்டு.

முகமே தெரியாத படத்தில் பெயர் வைக்கும் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு, உலகம் முழுவதும் அறிந்த ஒரு படமே சிறந்த பாடம். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜீமா தீவின் சூரிபாச்சி மலையுச்சியில் ஆறு பேர் அமெரிக்கக் கொடியை நாட்டும் காட்சியை ஜோ ரோசந்தால் படம் பிடித்தார். ஆறு பேரும் குனிந்தும் திரும்பியும் நிற்கிறார்கள். முகம் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவும் இல்லை. படம் பெரும்புகழ் பெற்றதும் பெயர்கள் தேவைப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ரெனே காக்னன் என்ற வீரர் ஆறு பெயர்களைச் சொன்னார்: தாம், ஐரா ஹேஸ், ஜான் பிராட்லி, மைக்கேல் ஸ்ட்ராங்க், ஃபிராங்க்ளின் சௌஸ்லி, ஹென்றி ஹான்சன். பின்னுள்ள மூவரும் அத்தீவிலேயே இறந்துவிட்டவர்கள். உயிரோடிருந்த காக்னன், ஹேஸ், பிராட்லி மூவரும் நாயகர்களாக நாடு முழுவதும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

முதல் பிழை வெளிவர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கொடிக்கம்பத்தின் அடியில் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பவர் ஹான்சன் அல்லர், ஹார்லன் பிளாக் என்பது ஹேஸுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். பெயர்கள் ஏற்கெனவே வெளியாகிவிட்டன, விட்டுவிடு என்று மேலதிகாரி சொன்னதாக அவர் பின்னர் கூறினார். டெக்சாஸில் பிளாக்கின் தாய், நாளிதழில் படத்தைக் கண்ட உடனேயே அந்த முதுகு தம் மகனுடையது என்று சொன்னாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. 1946இல் ஹேஸ் அரிசோனாவிலிருந்து வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி டெக்சாஸ் சென்று பிளாக்கின் தந்தையைச் சந்தித்து உண்மையைச் சொன்னார். 1947 ஜனவரியில் மரைன் படை பெயரைத் திருத்தியது. இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது, தாய் சொன்னது சரி என்பதும், தாய் சொன்னதை மட்டும் வைத்துத் திருத்தாததும் சரி என்பதும் ஆகும். மகனை இழந்த எத்தனையோ தாய்மார்கள் அந்த ஆறு உருவங்களில் தம் பிள்ளையைக் கண்டிருக்கக் கூடும். அவர் கூற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, அதை ஒட்டி விசாரிக்காமல் விட்டதுதான் தவறு.

அதன் பின் அறுபத்தேழு ஆண்டுகள் அந்தப் பட்டியல் அசையவில்லை. புத்தகம் வந்தது, திரைப்படம் வந்தது, வாஷிங்டன் அருகே பிரம்மாண்டமான வெண்கலச் சிலை எழுந்தது. 2014இல் இரண்டு தன்னார்வலர்கள், ஒருவர் ஐயர்லாந்தில் வாழ்பவர், மற்றவர் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வாழ்பவர், பிராட்லி அந்தப் படத்தில் இல்லை என்று சொன்னார்கள். இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். அவர்கள் ஆராய்ந்தது முகத்தை அல்ல, கால்சட்டையை. அன்று அதே மலையுச்சியில் எடுக்கப்பட்ட பிற படங்களில் பிராட்லி தெளிவாகத் தெரிகிறார். அவருடைய கால்சட்டையின் அடிப்பகுதி இறுக்கமாகச் சுருட்டி மடிக்கப்பட்டிருக்கிறது. கொடி நாட்டும் படத்தில் பிராட்லி எனப்பட்டவரின் கால்சட்டையோ மடிப்பின்றித் தொங்குகிறது. அந்த உருவம் இரும்புத் தொப்பியின் கீழ் ஒரு துணித்தொப்பி அணிந்திருக்கிறது, அதன் முன்விளிம்பு தெரிகிறது. பிராட்லியின் மற்றப் படங்களில் அது இல்லை. அந்த உருவத்தின் இடுப்பில் துப்பாக்கி ரவைப் பைகளும் கம்பிவெட்டியும் தொங்குகின்றன. பிராட்லி கடற்படையின் மருத்துவ உதவியாளர். அவர் ஏந்தியது கைத்துப்பாக்கியும் மருந்துப் பைகளும். ஒரு மனிதர் சில நிமிட இடைவெளியில் கால்சட்டையை அவிழ்த்து, தொப்பி போட்டு, இடுப்புப் பட்டையை மாற்றிக்கொண்டார் என்று யாராவது வாதிடலாம். ஆனால் மூன்று மாற்றங்களுக்கும் தனித்தனியே காரணம் கற்பிக்க வேண்டியிருந்தால், கற்பனை செய்பவர் தம் பெயரைக் காப்பாற்றத்தான் கற்பனை செய்கிறார் என்று அறியலாம்.

பிராட்லி பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. அதே நாள் அதே உச்சியில் இதற்கு முன்னரே ஒரு சிறிய கொடி நாட்டப்பட்டது. அதில் பிராட்லி பங்கேற்றார். பின்னர்தான் பெரிய கொடி வந்தது, ரோசந்தாலின் படம் அதனுடையது. இரண்டு கொடிகள் நினைவில் ஒன்றாகிவிடுவது மனித இயல்பு.

இரண்டாவது பகுதி இன்னும் நுட்பமானது. பிராட்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியவரை வைத்தால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆய்வில் வெளிப்பட்டது வேறு. பிராட்லி எனப்பட்ட உருவம் உண்மையில் சௌஸ்லி. சௌஸ்லி எனப்பட்ட உருவமே இதுவரை பெயர் பெறாத ஹரால்டு ஷுல்ட்ஸ். அதாவது பட்டியலில் ஒருவர் தவறு, ஆனால் படத்தில் இருவர் தவறு. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குச் சௌஸ்லியின் பெயர் எப்போதும் சரியாகவே இருந்தது. படத்தில் அவர் நின்ற இடம் எழுபது ஆண்டுகளாகத் தவறாக இருந்தது. மரைன் படை அமைத்த குழு படங்களையும் அசைபடத்தையும் ஆராய்ந்து 2016 ஜூனில் ஷுல்ட்ஸின் பெயரை ஏற்றது. பிராட்லியைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதிய அவர் மகனே, தம் தந்தை அந்தப் படத்தில் இல்லை என்று தாம் இப்போது நம்புவதாகக் கூறினார். அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு அவருக்கு என்ன துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதைத் தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 2019இல் மீண்டும் ஒரு திருத்தம். இம்முறை காக்னன் என்று கருதப்பட்டவர் ஹரால்டு கெல்லர் என்று தெரிந்தது. அசைபடத்தில் அந்த உருவத்தின் விரலில் தெரிந்த திருமண மோதிரமும் ஒரு தடயம். இதையும் கிளப்பியவர்கள் தன்னார்வ ஆய்வாளர்களே. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனத்தின் டிஜிட்டல் சான்று ஆய்வகம் சரிபார்ப்பில் உதவியது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வியப்பு மிஞ்சுகிறது. 1945இல் ஆறு பெயர்களுக்கும் சாட்சி கூறிய மூவரில், படத்தில் உண்மையாகவே இருந்தவர் ஹேஸ் ஒருவர் மட்டுமே. ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து 1995இல் இறந்தார். குடும்பத்தில் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதைத் தவிர ஊரறியச் சொன்னதில்லை. கெல்லர் 1979இலேயே காலமானார். சரியான பெயர் வந்தபோது அதைக் கேட்க இருவரும் இல்லை.

இந்தியப் படங்களுக்கு இந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் சௌஸ்லியின் இடமாற்றமே. இங்கே பொது ஆவணக் காப்பகங்களிலும் பழைய கல்லூரிகளிலும் சங்கங்களிலும் குவிந்திருப்பவை குழுப்படங்கள். மாநாட்டுப் பிரதிநிதிகள், வரவேற்புக் குழுவினர், பிரிவுபசார விழா. கீழே 'அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம், நிற்போர் இடமிருந்து வலம்' என்று பெயர் வரிசை. தன்னார்வலர் முதலில் செய்ய வேண்டியது எண்ணுவது. வரிசையில் பதினொரு பெயர், படத்தில் பன்னிரண்டு பேர் என்றால் யாரோ ஒருவர் பெயரில்லாமல் நிற்கிறார். பெரும்பாலும் அவர் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர், அல்லது பெயரெழுதத் தகுதியில்லை என்று அன்று கருதப்பட்ட பணியாளர். அவர் வரிசையின் நடுவில் நின்றால், அவருக்கு வலப்பக்கம் உள்ள அத்தனை பேருக்கும் பெயர் ஓரிடம் தள்ளிப்போய்விடும். எனவே இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. நன்கு அறிந்த இரண்டு மூன்று முகங்களை முளைகளாக நிறுத்தி, அவற்றுக்கு இடையே உள்ள எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடக்கோடியில் ஒரு முளையும் வலக்கோடியில் ஒரு முளையும் பொருந்தி, நடுவில் எண்ணிக்கை பிசகினால், பிசகு எந்த இரு முளைகளுக்கு இடையே என்பதாவது தெரிந்துவிடும். அந்தப் பகுதியில் உள்ளவர்களுக்கு மட்டும் 'உறுதியில்லை' என்று எழுதிவிட்டு மற்றவர்களை ஏற்கலாம். அறிந்த முகங்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் படம் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறது. மீண்டும் கோட்டுப் பையைப் பார்க்க வேண்டியதுதான்.

பெயர்களிலும் நம் நாட்டுக்கு உரிய சிக்கல் உண்டு. தலைப்பெழுத்தும் ஒரு பெயருமாக எழுதும் தென்னக வழக்கில், ஒரே தலைப்பெழுத்து, ஒரே பெயர், ஒரே ஊர் என இருவர் இருப்பது அரிதன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாக வரும். தந்தைக்குத் தந்தையின் பெயரையே மகனுக்கு இடும் குடும்பங்களில் தாத்தாவின் படம் பேரனுடையதாகிவிடும். பெண்களின் பெயரோ 'திருமதி' என்பதற்குப் பின் கணவர் பெயருக்குள் மறைந்திருக்கும். வயது கணக்கிடுவதே இங்கு நல்ல வடிகட்டி. படத்தின் ஆண்டும் பரிந்துரைக்கப்பட்டவரின் பிறந்த ஆண்டும் தெரிந்தால், படத்தில் இருப்பவருக்கு அன்று என்ன வயது இருந்திருக்க வேண்டும் என்று கழித்துப் பார்க்கலாம். அறுபது வயது முகத்துக்கு முப்பது வயதுக்காரரின் பெயரைச் சூட்டும் பரிந்துரைகள் வியக்கத்தக்க எண்ணிக்கையில் இந்த ஒரு கழித்தலில் விழுந்துவிடும்.

ஆவணமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 1868க்கும் 1875க்கும் இடையில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற பிரிட்டிஷ் அரசின் படத்தொகுப்பில் மனிதர்கள் பெரும்பாலும் சாதியாகவும் குலமாகவும் மட்டுமே குறிக்கப்பட்டனர். ஆளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது படமெடுத்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. அத்தகையவர்களுக்கு நாளிதழில் படம் தேடுவது வீண். கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகம், இன்யூட் மக்களின் பெயரில்லாப் படங்களுக்காக 2002 முதல் நடத்திவரும் பெயரிடும் திட்டம் வேறு வழியைக் காட்டியது. இளைஞர்கள் படங்களை எடுத்துக்கொண்டு முதியவர்களிடம் சென்றனர். முதியவர்கள் தம் தந்தையை, பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணை, குழந்தையாக இருந்த தம்மையே அடையாளம் காட்டினர். அங்கே நினைவுதான் ஆவணம். நாளிதழ் இல்லை என்பதற்காக அந்த நினைவை ஏற்க மறுப்பது, அன்று பெயர் எழுதாமல் விட்டவரின் அலட்சியத்தை இன்று சட்டமாக்குவதாகும்.

ஆனால் நினைவையும் சோதிக்கலாம், மரியாதை குறையாமல். இரண்டு முதியவர்களிடம் ஒரே படத்தைத் தனித்தனியே காட்ட வேண்டும். ஒரே அறையில் காட்டினால் முதலில் பேசியவரின் சொல்லே இரண்டாமவருடையதும் ஆகிவிடும். பெயரைச் சொல்லிவிட்டு 'இவர்தானே?' என்று கேட்கக் கூடாது, 'இது யார்?' என்றுதான் கேட்க வேண்டும். பெயரோடு நின்றுவிடாமல் இவரை எப்படித் தெரியும், இந்த இடம் எது, பக்கத்தில் இருப்பவர் இவருக்கு என்ன உறவு என்று கேட்டால், வரும் விவரங்களில் சில வேறொரு படத்தால் சரிபார்க்கத் தக்கவையாக அமையும். சொன்னவர், சொன்ன நாள், அவருக்கும் படத்தில் உள்ளவருக்கும் உள்ள உறவு ஆகியவற்றைப் பதிவில் எழுத வேண்டும். சொன்னவர் தம் பெயர் வெளிவர விரும்பாவிட்டால் உறவை மட்டும் எழுதலாம். இருவர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வைப்பதே முறை. நடுவில் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொலைவில் கணினி முன் அமர்ந்திருக்கும் தன்னார்வலருக்கு இல்லை.

இன்று நம் மொழியில் பழைய படங்களைத் தொகுக்கும் பல குழுக்கள் உழைப்புக்குக் குறை வைப்பதில்லை. குறை வைப்பது பதிவில். ஏற்ற பெயரை எழுதுகிறார்கள், ஏற்ற காரணத்தை எழுதுவதில்லை. தள்ளிய பெயரையோ அடியோடு அழித்துவிடுகிறார்கள். அழித்த பெயரை ஆறு மாதம் கழித்து வேறொருவர் புத்தம் புதிதாகக் கொண்டுவருவார். அதே விவாதம் அதே சூட்டோடு மறுபடி தொடங்கும். படத்தின் பதிவில் நான்கு வரி போதும். தகட்டிலோ அட்டையிலோ முதலில் இருந்த எழுத்து, மாற்றமின்றி. பரிந்துரைக்கப்பட்ட பெயர், யாரால், எந்நாளில். நம்பியதற்கான ஆதாரம், அதன் தேதியோடு. தள்ளப்பட்ட பெயர்கள், தள்ளியதற்கான காரணத்தோடு: 'அந்த ஆண்டில் இவர் பிறக்கவில்லை', 'கால்சட்டை பொருந்தவில்லை' என்பது போல. நான்காவது வரியை எழுதத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. பிராட்லியின் கால்சட்டையைப் பற்றி 1945இலேயே யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால், ஷுல்ட்ஸ் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவரிடம் போய் யாராவது கேட்டிருக்கக் கூடும்.